நல்ல பதில் எது? ஆள் வருவதற்கு முன்பே எழுதி வையுங்கள்

ஒரு வேலைக்கு ஆள் தேவைப்படும்போது, அந்தத் துறையின் மேலாளர் மனிதவளத் துறைக்கு எட்டுப் பத்து ஸ்லைடுகள் அனுப்புவது இப்போது பல நிறுவனங்களில் வழக்கமாகிவிட்டது. நிறுவன அறிமுகம், பணியின் நோக்கம், பொறுப்புகள், தகுதிகள், எதிர்பார்க்கும் குணங்கள் எல்லாம் அதில் இருக்கும். குணங்கள் பற்றிய ஸ்லைடில் துடிப்பானவர், பொறுப்பேற்பவர், நெருக்கடியிலும் நிதானம் இழக்காதவர் என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். அதைப் படித்துவிட்டு நேர்காணல் அறைக்குள் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "உங்களைப் பத்திச் சொல்லுங்க." அடுத்தது, "உங்க பலம் என்ன, பலவீனம் என்ன?" ஸ்லைடில் சொன்ன வேலைக்கும் இந்தக் கேள்விகளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அந்த ஸ்லைடுகளையே கேள்விகளாக மாற்ற முடியும். எல்லா விண்ணப்பதாரர்களிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு, முன்கூட்டியே எழுதி வைத்த அளவுகோலின்படி மதிப்பெண் போடுவதைக் கட்டமைக்கப்பட்ட நேர்காணல் என்கிறார்கள். பால் சாக்கெட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் ஆள் தேர்வு பற்றிய பல்லாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் வெளியிட்ட கட்டுரையில், வேலைத்திறனை ஓரளவு முன்கூட்டிக் காட்டும் முறைகளில் முதலிடம் இதற்குத்தான். தொடர்பே இல்லை என்றால் 0, முழுத் தொடர்பு என்றால் 1 என்ற அளவில் இதற்குக் கிடைத்தது 0.42. மனம் போனபடி பேசி முடிக்கும் நேர்காணலுக்கு 0.19.

இந்த மாற்றத்தை எப்படிச் செய்வது என்று பார்க்க ஒரு வேலையைக் கற்பனை செய்துகொள்வோம். ஶ்ரீபெரும்புதூர்ப் பக்கம் மருந்து விநியோகம் செய்யும் ஒரு கிடங்கு. அதற்கு ஒரு ஷிஃப்ட் இன்சார்ஜ் வேண்டும். கிடங்கு மேலாளர் ஏழு ஸ்லைடுகள் அனுப்பியிருக்கிறார்.

எதைக் கேட்பது, எதைக் கேட்க வேண்டாம்

முதல் இரண்டு ஸ்லைடுகள் நிறுவனத்தின் வரலாறும் கனவும். இவை விண்ணப்பதாரருக்குச் சொல்ல வேண்டியவை. அவரிடம் கேட்க இவற்றில் ஒன்றும் இல்லை. கடைசி ஸ்லைடு சம்பளமும் யாருக்குக் கீழே வேலை என்பதும். அதற்கும் கேள்வி தேவையில்லை.

தகுதிகள் ஸ்லைடில் நான்கு வரிகள்: ஏதேனும் ஒரு பட்டம், கிடங்கில் ஐந்தாண்டு அனுபவம், எக்செல் அறிவு, இரவு ஷிஃப்டுக்குத் தயாராக இருத்தல். பட்டத்தையும் அனுபவத்தையும் விண்ணப்பத்திலேயே பார்த்துவிடலாம். எக்செல் தெரியுமா என்று கேட்டால் எல்லோரும் தெரியும் என்றுதான் சொல்வார்கள். ஒரு ஸ்டாக் பட்டியலைக் கொடுத்து, அடுத்த மூன்று மாதத்தில் காலாவதியாகும் சரக்கைப் பிரித்துக் காட்டச் சொன்னால் பதினைந்து நிமிடத்தில் விடை தெரிந்துவிடும். இரவு ஷிஃப்டுக்கு எல்லோரிடமும் ஒரே கேள்வி போதும்: "மாதத்தில் இரண்டு வாரம் இரவு வேலை. உங்களால் முடியுமா?" பெண்களிடம் மட்டும் கல்யாணம், குழந்தை என்று விசாரிக்கத் தொடங்கினால் அது வேலையைப் பற்றிய கேள்வியாக இருக்காது.

ஐந்தாண்டு அனுபவம் என்ற வரியை மேலாளரிடம் ஒருமுறை கேட்டுப் பார்ப்பதும் நல்லது. சாக்கெட் குழுவின் அதே கட்டுரையில், வேலை பார்த்த ஆண்டுகளின் எண்ணிக்கைக்குக் கிடைத்த அளவு 0.07 மட்டுமே. ஐந்தாண்டைக் கட்டாயமாக்கினால், மூன்றாண்டில் வேலையை நன்றாகக் கற்றவர் வாசலிலேயே திரும்பிப் போக வேண்டியிருக்கும்.

மீதி இருப்பவை மூன்று: பொறுப்புகள், முதல் ஆறு மாத இலக்குகள், குணங்கள். இவற்றில் கேள்வி எழுதுபவருக்கு அதிகம் கை கொடுப்பது இலக்குகள்தான். தவறான மருந்து போய்ச் சேரும் டெஸ்பாட்ச் பிழைகளைப் பாதியாக்க வேண்டும். குளிர்நிலைச் சரக்கு கெட்டுப் போவதை நிறுத்த வேண்டும். ஆள் குறைந்த நாட்களிலும் வண்டிகள் நேரத்துக்குக் கிளம்ப வேண்டும். இந்த மூன்று வரியும் இப்போது அந்தக் கிடங்கில் எங்கே வலிக்கிறது என்பதைச் சொல்லிவிடுகின்றன. பொறுப்புகள் ஸ்லைடில் உள்ள ஒன்பது வரிகளையும் இந்த மூன்றோடு பொருத்திப் பார்த்தால், பெரும்பாலானவை ஏதோ ஒன்றின் கீழ் வந்துவிடும். முக்கால் மணி நேர நேர்காணலில் ஆழமாகக் கேட்க மூன்று அல்லது நான்கு கேள்விகளுக்கே இடம் உண்டு. ஒன்பது வரிக்கும் ஒன்பது கேள்வி எழுதினால் எதற்கும் முழுப் பதில் கிடைக்காது.

மேலாளரோடு அரை மணி நேரம்

குணங்கள் ஸ்லைடு மட்டும் இன்னும் தனியாக நிற்கிறது. 'பொறுப்பேற்பவர்' என்பதை அப்படியே கேள்வியாக்கினால், "நீங்க பொறுப்பா வேலை செய்வீங்களா?" என்றுதான் வரும். அதற்கு இல்லை என்று யாராவது சொல்வார்களா? இங்கேதான் ஸ்லைடை மூடிவிட்டு, எழுதியவரிடமே போக வேண்டும்.

கேட்க வேண்டியவை இரண்டு. இந்த வேலையில் இருந்தவர்கள் அசத்திய ஒரு நாளைச் சொல்லுங்கள். கோட்டைவிட்ட ஒரு நாளைச் சொல்லுங்கள். அமெரிக்க உளவியலாளர் ஜான் ஃப்ளானகன் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்நாட்டு விமானப் படைக்காகச் செய்த பணிகளிலிருந்து வளர்த்தெடுத்த வழி இது. 1954இல் அதை விரிவாக எழுதி வெளியிட்டார். ஒருவரின் குணத்தைப் பற்றிய அபிப்பிராயத்தை வாங்காமல், அவர் என்ன செய்தார், அதனால் என்ன நடந்தது என்ற சம்பவங்களைச் சேகரிப்பதே அதன் சாரம்.

நம் கிடங்கில் அந்த உரையாடல் இப்படிப் போகக்கூடும்.

"சார், பொறுப்பேற்பவர்னு போட்டிருக்கீங்க. அப்படி யாராவது நடந்துகிட்ட ஒரு நாள் ஞாபகம் இருக்கா?"

"இருக்கு மேடம். ஒரு சனிக்கிழமை ராத்திரி குளிர் அறை கம்ப்ரசர் நின்னுபோச்சு. அப்ப இருந்த இன்சார்ஜ் மெக்கானிக்குக்காகக் காத்துக்கிட்டு நிக்கலை. சரக்கை உடனே அடுத்த குளிர் அறைக்கு மாத்திட்டு, எந்தப் பெட்டி எத்தனை மணிக்கு மாறுச்சுன்னு எழுதி வெச்சுட்டு, எனக்கு போன் பண்ணார்."

"இதுக்கு நேர்மாறா?"

"இன்னொருத்தர். சேல்ஸ்ல இருந்து யாரோ கத்துனாங்கன்னு, டெம்பரேச்சர் தாண்டின பெட்டியை அனுப்பிட்டார். மறுநாள் மொத்தத்தையும் திரும்ப வாங்கினோம்."

இந்த இரண்டு சம்பவங்களில் ஸ்லைடில் இல்லாத ஒன்று இருக்கிறது. மேலாளர் 'பொறுப்பு', 'நிதானம்' என்று எழுதியதெல்லாம், சந்தேகமான சரக்கை நிறுத்தி வைத்துப் பதிவு செய்து, சரியான ஆளுக்குத் தகவல் சொல்வதைத்தான். மூன்று குணங்களாக எழுதியவை ஒரே செயலாகச் சுருங்கிவிட்டன. இனிக் கேள்வி எழுதலாம்.

முதல் கேள்வி: சூழ்நிலையைக் கொடுத்துக் கேட்பது

ஒரு சூழ்நிலையை விவரித்து, "நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்பது ஒரு வகை. கேரி லேதமும் மூன்று ஆய்வாளர்களும் 1980இல் இதை ஆராய்ந்து முன்வைத்தார்கள். மேலாளர் சொன்ன சம்பவத்தைக் கொஞ்சம் மாற்றினால் கேள்வி தயார்.

"மாலை ஆறரை மணி. இன்சுலின் பெட்டிகள் வந்து இறங்குகின்றன. இவற்றை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். பெட்டியைத் தொட்டால் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே இருந்த டேட்டா லாகர், வழியில் நாலு மணி நேரம் 13 டிகிரி இருந்ததாகக் காட்டுகிறது. ஏழரைக்கு மதுரை வண்டி கிளம்ப வேண்டும். அங்கே ஸ்டாக் தீர்ந்துவிட்டது. தரக்கட்டுப்பாட்டு அதிகாரி போனை எடுக்கவில்லை. விற்பனைப் பிரிவிலிருந்து அனுப்பச் சொல்லி வற்புறுத்துகிறார்கள். என்ன செய்வீர்கள்?"

இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். 2 முதல் 8 டிகிரி என்ற தகவலைக் கேள்வியே கொடுத்துவிடுகிறது. மளிகைப் பொருள் கிடங்கிலிருந்து வருபவருக்கு அது தெரியாமல் இருக்கலாம். வேலையில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடலாம். அளக்க வேண்டியது அவருடைய முடிவெடுக்கும் விதம். இரண்டாவது, கேள்விக்குள் ஒரு இக்கட்டு இருக்கிறது. எந்தப் பக்கம் போனாலும் ஒரு நஷ்டம். இக்கட்டு இல்லாத கேள்விக்கு எல்லோரும் பாடப்புத்தகப் பதிலையே சொல்வார்கள்.

நல்ல பதில் எப்படி இருக்கும் என்பதை இப்போதே, ஒரு விண்ணப்பதாரரையும் பார்க்காத நிலையில் எழுத வேண்டும். பேட்ரிசியா ஸ்மித்தும் லோர்ன் கெண்டாலும் 1963இல் செவிலியர்களின் பணியை மதிப்பிடச் செய்த வழி இதற்கு உதவும். வெறும் எண்களுக்குப் பதிலாக, ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் நேராக ஒரு நடத்தையை எழுதி வைத்தார்கள். நம் கேள்விக்கு 5, 3, 1 என்ற மூன்று படிகள் போதும்.

ஐந்து மதிப்பெண்: பெட்டிகளைக் குளிர் அறையிலேயே தனியாக ஒதுக்கி, யாரும் எடுக்காதபடி அடையாளமிட்டு நிறுத்துகிறார். லாகரின் பதிவை எடுத்து வைக்கிறார். தரக்கட்டுப்பாட்டில் அடுத்த ஆளைத் தேடுகிறார். மதுரைக்கு வேறு பேட்ச் இருக்கிறதா என்று பார்க்கிறார். விற்பனைப் பிரிவுக்குக் காரணத்தோடு மறுப்புச் சொல்கிறார். சரக்கு நல்லதா கெட்டதா என்பதைத் தானே தீர்மானிக்கவில்லை.

மூன்று: அனுப்பவில்லை. ஆனால் அதோடு நின்றுவிடுகிறார்; மதுரைக்கு என்ன வழி என்று யோசிக்கவில்லை. அல்லது கெட்டுப்போனதாகத் தானே முடிவு செய்து ஒதுக்கித் தள்ளுகிறார்.

ஒன்று: இப்போது குளிர்ச்சியாக இருப்பதால் அனுப்பிவிடுகிறார். அல்லது, "பெரியவங்க யாராவது சொன்னா அனுப்பிடுவேன்" என்கிறார்.

கடைசிப் பதில் ஏன் இவ்வளவு கீழே? வெப்பத்தில் வீரியம் குறைந்த இன்சுலினைப் பார்வையால் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம். மறுபடி குளிரவைத்தால் போன வீரியம் திரும்பாது. எத்தனை டிகிரியில் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது தயாரிப்பாளரின் சோதனைத் தரவுகளில் இருக்கும். அதைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. ஆகவே இந்த மூன்று படிகளையும் கிடங்கு மேலாளரோடு தரக்கட்டுப்பாட்டு அதிகாரியும் ஒருமுறை படித்து ஒப்புக்கொள்ள வேண்டும். மனிதவளத் துறை தனியாக எழுதினால், சரளமாகப் பேசியவருக்கு ஐந்து போடும் அளவுகோலாக அது மாறிவிடும் ஆபத்து இருக்கிறது.

இரண்டாவது கேள்வி: நடந்ததைச் சொல்லச் சொல்வது

டெஸ்பாட்ச் பிழைக்கு வேறு வகைக் கேள்வி பொருந்தும். கடந்த காலத்தில் உண்மையில் செய்ததைக் கேட்பது அது. "நீங்கள் வேலை பார்த்த இடத்தில் ஒரே மாதிரியான தவறு திரும்பத் திரும்ப நடந்த ஒரு சமயத்தைச் சொல்லுங்கள். காரணத்தை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? பிறகு என்ன செய்தீர்கள்?"

கிடங்கு அனுபவமே இல்லாதவரும் இதற்குப் பதில் சொல்லலாம். ஓட்டலில், அச்சகத்தில், கூரியர் அலுவலகத்தில் நடந்ததாக இருந்தாலும் சரி.

இதற்கு உயர்ந்த பதிலில் ஓர் எண்ணும் ஓர் இடமும் இருக்கும். தவறுகளைக் குறித்து வைத்துப் பார்த்தார், பாதிக்கு மேல் ஒரே அலமாரியில் நடந்தது, ஒரே மாத்திரையின் 5 மில்லிகிராம், 50 மில்லிகிராம் அட்டைகள் பக்கத்துப் பக்கத்தில், ஒரே நிறத்தில் இருந்தன, இடம் மாற்றினார், அடுத்த மாதமும் எண்ணிப் பார்த்தார். நடுத்தரமான பதிலில் காரணம் தேடாமல் இன்னொரு சரிபார்ப்பாளரைப் போட்டிருப்பார். தாழ்ந்த பதிலில் ஆட்களைத் திட்டியிருப்பார், அபராதம் போட்டிருப்பார். அல்லது நடந்த ஒன்றையும் சொல்லாமல், "நான் எப்பவும் ரொம்பக் கவனமா இருப்பேன் சார்" என்று பொதுவாகப் பேசி முடித்திருப்பார்.

இந்த வகைக் கேள்விக்குத் துணைக் கேள்விகளையும் எழுதி வைக்க வேண்டும்; எல்லோரிடமும் அவற்றையே கேட்க வேண்டும். "இதில் நீங்கள் செய்தது எது?" "மாற்றிய பிறகு குறைந்தது என்று எப்படித் தெரிந்தது?" முதல் துணைக் கேள்வி நம் ஊரில் மிகவும் அவசியம். தான் ஒருவராகச் செய்ததைக்கூட "நாங்க செஞ்சோம்" என்று அடக்கமாகச் சொல்லும் பழக்கம் பலருக்கு உண்டு. அதற்காக மதிப்பெண்ணைக் குறைத்தால், அடக்கமானவர் தோற்று, அலட்டுபவர் ஜெயிப்பார்.

மூன்றாவது இலக்கான ஆள் பற்றாக்குறைக்கு மறுபடியும் ஒரு சூழ்நிலை போதும். பன்னிரண்டு பேரில் நான்கு பேர் வரவில்லை. ஆறு வண்டிகள் கிளம்ப வேண்டும். முதலில் எதைக் கேட்பீர்கள், எதைச் செய்வீர்கள்? எந்த வண்டியில் மருத்துவமனைச் சரக்கு, எதில் குளிர்நிலைச் சரக்கு என்று விசாரித்து வரிசை போடுபவர் மேலே. எல்லா வண்டியையும் அனுப்பிவிடத் துடித்து இரண்டாவது சரிபார்ப்பைக் கைவிடுபவர் கீழே.

எங்கே சறுக்கும்

எழுதிய கேள்வி உருப்படியா என்று சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. இப்போது நன்றாக வேலை செய்யும் ஓர் இன்சார்ஜிடமும், சேர்ந்து சில வாரமே ஆன ஒருவரிடமும் அதைக் கேட்டுப் பாருங்கள். இருவர் பதிலும் ஒரே மாதிரி இருந்தால் அந்தக் கேள்வி யாரையும் பிரித்துக் காட்டாது. பெரும்பாலும் கேள்விக்குள்ளேயே விடை ஒளிந்திருக்கும். "ஆள் குறைஞ்சாலும் தரத்தை விட்டுக்கொடுக்காம வேலையை முடிப்பீங்களா?" என்பது அப்படிப்பட்ட கேள்வி.

இரண்டாவது சறுக்கல், மேலாளரின் சொந்த விருப்பம் அளவுகோலுக்குள் நுழைவது. "விடியும் வரை கிடங்கிலேயே இருப்பேன்" என்ற பதிலுக்கு ஐந்து போட வேண்டும் என்று அவர் சொல்லக்கூடும். அவர் இளமையில் அப்படி இருந்திருக்கலாம். விடியும் வரை இருந்ததால் சரக்கு காப்பாற்றப்பட்டதா என்று கேட்டால், அந்த வரி நிற்குமா விழுமா என்று தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுவதும் இப்படித்தான் உள்ளே வருகிறது. கிடங்கில் நாள் முழுவதும் தமிழிலும் கொஞ்சம் இந்தியிலும் வேலை நடக்கும்போது, நேர்காணலை ஆங்கிலத்தில் நடத்தினால் அளக்கப்படுவது வேறொன்று.

மூன்றாவது, கேள்விகள் சரியாக இருந்தும் மதிப்பெண் போடும்போது பழைய பழக்கத்துக்குத் திரும்புவது. பின்னாளில் 2002இல் பொருளாதார நோபல் பெற்ற டேனியல் கானமன், இருபதுகளின் தொடக்கத்தில் இஸ்ரேல் ராணுவத்துக்கு ஒரு நேர்காணல் முறையை உருவாக்கினார். ஆறு பண்புகள், ஒவ்வொன்றுக்கும் அந்தப் பண்பைப் பற்றிய கேள்விகளைக் கேட்டு முடித்த உடனே மதிப்பெண், பிறகே அடுத்தது. தங்களை இயந்திரமாக்குவதாக நேர்காணல் செய்தவர்கள் முணுமுணுத்தார்கள். ஆனாலும் அதற்கு முன்பிருந்த முறையைவிட இது சரியாகக் கணித்தது. ஒரு பதிலின் பளபளப்பு அடுத்த பதிலின் மேல் படியாமல் இந்த வரிசை தடுக்கிறது.

நம் கிடங்குக்கும் அதே ஒழுங்குதான். நேர்காணலில் இரண்டு பேர் அமர்ந்தால், இருவரும் ஒவ்வொரு கேள்வி முடிந்ததும் விண்ணப்பதாரர் சொன்னதை ஓரிரு வரியில் குறித்து, தனித்தனியே மதிப்பெண் எழுத வேண்டும். அவர் வெளியே போன பிறகே ஒப்பிட வேண்டும். ஒருவர் 5, மற்றவர் 1 போட்டிருந்தால், குறிப்பை எடுத்து வைத்துப் பேசலாம். "எனக்கென்னவோ பிடிச்சிருக்கு" என்ற வாக்கியத்துக்கு அந்தப் பேச்சில் இடம் கிடையாது.

இத்தனையும் செய்த பிறகும் 0.42 என்பது 1 ஆகிவிடாது. நன்றாகப் பதில் சொன்னவர் மோசமாக வேலை செய்யக்கூடும். சூழ்நிலைக் கேள்விக்கு வாயால் மறுப்புச் சொன்னவர், உண்மையான வற்புறுத்தல் வரும்போது பணிந்து போகலாம். ஆகவே தேர்வானவரின் மதிப்பெண் தாளைக் கோப்பில் போட்டு மூடிவிடாமல், ஆறு மாதம் கழித்து எடுத்துப் பார்க்க வேண்டும். டெஸ்பாட்ச் பிழை குறையவில்லை என்றால், இரண்டாவது கேள்விக்கு ஐந்து என்று எழுதிய வரியில் எதை விட்டுவிட்டோம் என்று தேடலாம். ஓரிருவரை வைத்துப் புள்ளிவிவரம் பேச முடியாது. அடுத்த நேர்காணலுக்கு முன் ஒரு வரியைத் திருத்த முடியும்.

ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பவர்கள், அடுத்த முறை ஸ்லைடுகள் கைக்கு வந்ததும் மேலாளரிடம் அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள். இரண்டு நல்ல நாள், இரண்டு கெட்ட நாள் சொல்லச் சொல்லுங்கள். முதல் விண்ணப்பதாரர் உள்ளே வருவதற்குள் 5, 3, 1 மூன்றும் தாளில் எழுதப்பட்டு, இருவரின் கையிலும் இருக்கட்டும்.